ஈரக் கண்ணாடியின் திரி

புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். அந்த நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பெட்டியின் பக்கத்தில் தொங்கிய அட்டையில் என் கையாலேயே எழுதியிருந்தேன்: "10.20. திரி மாற்றியது. ஈரம் 86." ஒரே தடவையாக அடைவைத்த அந்த ஈட்டு முட்டைகளுக்கு அன்று ஒன்பதாம் நாள். எழுதிவிட்டு, வேலை ஒன்று முடிந்த நிம்மதியில் பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு வெளியே போனேன்.

திண்டிவனத்துக்கு வெளியே இருந்த கோழிப்பண்ணை அது. சண்டைக் காலம். பட்டாளத்துக்கு முட்டை வேண்டும், முட்டைக்குக் கோழி வேண்டும் என்று சீமையிலிருந்து முட்டை பொரிக்கும் ஒரு பெரிய இன்குபேட்டரை வரவழைத்திருந்தார்கள். பீரோ உயரம், அதைப்போல இரண்டு மடங்கு அகலம். நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். பண்ணையைப் பெருக்கும் அம்மாளுக்கு மட்டும் அது "கரண்டுக் கோழி". நான் அதற்கு முன் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். இங்கிலீஷ் படிக்கத் தெரியும், பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துப் பார்த்து நடத்துவேன் என்றுதான் முட்டை அறையை என்னிடம் கொடுத்தார்கள். மேனேஜர் கடைசிவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். என் கணவருக்கு விழுப்புரத்தில் ரயில் என்ஜின்கள் நிற்கும் லோகோ ஷெட்டில் வேலை. அவர் அங்கே, நானும் மகளும் பண்ணை வீட்டில்.

பெட்டி செய்வது மூன்று வேலை. கம்பிச்சுருள் சூடேறி உள்ளே பாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றொன்பதரை டிகிரி வைத்திருக்கும். சூடு கூடினால் ஒரு சிறு தகட்டு வில்லை உப்பிக் கரண்டைத் துண்டிக்கும், குறைந்தால் வில்லை சுருங்கி மறுபடி சேர்க்கும். இது தானாக நடக்கும். இரண்டாவது, முட்டையைத் திருப்புவது. கடிகாரம் ஒன்று இரண்டு மணிக்கொரு தடவை மோட்டாரை முடுக்கிவிடும். தட்டுகளெல்லாம் ஒரு பக்கமாக மெதுவாகச் சாயும், அடுத்த தடவை மறுபக்கம் சாயும். அடைக்கோழி அலகால் உருட்டிவிடுகிற வேலை அது. உருட்டாவிட்டால் உள்ளே வளர்கிற உயிர் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது ஈரம். இதற்கு மட்டும் மனிதக் கை வேண்டும். அடியிலே தண்ணீர்த் தட்டு, மேலே காற்றுத் துவாரங்கள். எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும், துவாரத்தை எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்வது இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்று சாதாரண வெப்பமானி. இன்னொன்றின் குமிழைச் சுற்றி ஒரு துணித் திரி. அதன் வால் ஒரு குப்பித் தண்ணீரில் கிடக்கும். துணி தண்ணீரை உறிஞ்சி, அது காய்வதால் குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் அதிகம் காயும், அதிகம் குளிரும். ஈரமாக இருந்தால் அவ்வளவு குளிராது. அந்த ஈரக் கண்ணாடி எண்பத்தாறில் நின்றால் முட்டைக்குச் சௌக்கியம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒரு வாரத்தில் திரி மஞ்சள் கட்டி விறைத்துவிடும். பெட்டியோடு வந்த திரிச் சுருள் தீர்ந்துபோய் மாதங்கள் ஆகியிருந்தன, சண்டையில் அதெல்லாம் எங்கே வரும்? கிடைத்த மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் புதன்கிழமை என்னுடைய பழைய வெள்ளைப் புடவை ஒன்றின் ஓரத்தைக் கிழித்தேன். தோய்த்துத் தோய்த்து வெற்றிலையாய் மெலிந்திருந்த துணி. ஒரு விரல் அகலம் கிழித்து, தண்ணீரில் முக்கி, குமிழில் சுற்றி நூலால் கட்டினேன். பத்து நிமிடம் பார்த்தேன். எண்பத்தாறு. அதைத்தான் எழுதினேன்.

அந்த ஈடு என்னுடையது அல்ல, மகளுடையது. நானூறு முட்டை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "இந்த ஈட்ட நீயே நடத்து. நல்லா வந்தா வடக்க டிரெயினிங்குக்கு உன் பேர எழுதிப் போடறேன்" என்று சொல்லியிருந்தார். மூன்று நாள் ரயில் தூரத்தில் கோழி வளர்ப்புப் படிப்பு. முடித்து வந்தால் சர்க்கார் வேலை. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அது இல்லாவிட்டால் வளவனூரில் என் நாத்தனார் வீடு காத்திருந்தது. மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனால் இவள் அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதால் விழுப்புரம் போயிருந்தாள். இரண்டு நாள் பெட்டி என் கையில் இருந்தது. அந்த இரண்டு நாளில்தான் இது.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாள். பையைக்கூட வைக்காமல் முட்டை அறைக்குப் போனாள்.

"அம்மா, ஈரம் தொண்ணூத்திரண்டு காட்டுது."

"மழைக் காத்துடி. ஐப்பசி ஆச்சே."

"திரி மாத்தினியா?"

"நேத்தே மாத்தினேன். அட்டையில பாரு."

பார்த்தாள். அதோடு விட்டாள். அவளுக்கு என் கையெழுத்தில் நம்பிக்கை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு ஈடு முழுதும் ஈரம் மிஞ்சிக் கெட்டுப்போயிருந்தது. குஞ்சுகள் ஊதிப்போய், ஓட்டுக்குள்ளேயே நனைந்து செத்திருந்தன. அந்த நாற்றம் எங்கள் இருவர் மூக்கிலும் இருந்தது. ஆகையால் தண்ணீர்த் தட்டில் பாதியைக் கொட்டினாள். மறுநாள் தொண்ணூற்றொன்று. துவாரங்களைத் திறந்தாள். அப்புறமும் தொண்ணூறுக்குக் கீழே வரவில்லை. தட்டையே வெளியே எடுத்துவிட்டாள்.

பதினான்காம் நாள் விளக்குப் பார்த்தோம். ஒரு மரப்பெட்டிக்குள் பல்பு, அதன் ஓட்டையில் முட்டையின் தடித்த முனையை வைத்தால் உள்ளே தெரியும். மேலே காற்றுப்பை வெளிச்சமாக, கீழே குஞ்சு இருட்டாக. அவள் ஒரு முட்டையை எடுத்துப் பார்த்தாள், இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றிலும் காற்றுப்பையின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டாள். பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு அப்புறம் கை நின்றது.

"அம்மா, காத்துப்பை பெரிசா இருக்குது. பதினெட்டாம் நாளுக்கு இருக்க வேண்டியது இப்பவே இருக்குது. முட்டை காயுதும்மா."

"கண்ணாடி இன்னா காட்டுது?"

"தொண்ணூறு."

"அப்போ எப்பிடிடி காயும்?"

"அதான் தெரியல. கண்ணாடி ஈரம்னுது, முட்டை வறட்சின்னுது. எத நம்பறது?"

கையில் முட்டையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பல்பு வெளிச்சம் அவள் மோவாயில் விழுந்திருந்தது. இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன குரலில் நான் சொன்னேன்: "கண்ணாடிய நம்பு. அது சீமைச் சாமான். நம்ம கண்ணு ஏமாத்தும்."

அவள் தண்ணீர்த் தட்டை உள்ளே வைக்கவில்லை.

பதினெட்டாம் நாள் மோட்டாரை நிறுத்தினோம். அதற்குமேல் முட்டையைத் திருப்பக்கூடாது. குஞ்சு தலையைத் தூக்கி வெளியேறத் தயாராகும் நேரம் அது. தட்டுகளை மட்டமாக வைத்து, முட்டைகளைப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றினோம். இத்தனை நாள் இரண்டு மணிக்கொரு தடவை மோட்டார் உறுமி, தட்டுகள் கிறீச்சென்று சாயும் சத்தம் பழகியிருந்தது. அது நின்றதும் அறை ஏதோ காத்துக்கொண்டிருப்பதைப்போல இருந்தது. காற்றாடியின் இரைச்சல் மட்டும்.

இருபதாம் நாள் காலை உள்ளிருந்து கீச்சுக் கேட்டது. மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "பேசுதும்மா!" பெருக்கும் அம்மாள் விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்து, "கரண்டுக் கோழி ஒரு தபாகூட கொக்கரிக்கல, ஆனா பாரேன், புள்ள பெத்துடுச்சு" என்றாள். மூவரும் சிரித்தோம். 

பகல் முழுதும் முட்டைகளில் சிறு சிறு நட்சத்திரமாய் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை பெரிதாகவில்லை. வழக்கமாகக் குஞ்சு ஓட்டைச் சுற்றி வட்டமாகக் கொத்தி, மூடியைத் திறப்பதுபோல் திறந்து வரும். இவை ஒரே இடத்தில் நின்றன. அலகின் நுனி வெளியே தெரியும், அதைச் சுற்றி உட்தோல் காய்ந்து, காகிதம்போல் இறுகியிருக்கும். குஞ்சு சுழல முடியவில்லை. தோல் அதன் இறகோடு ஒட்டி அதைக் கட்டிப்போட்டிருந்தது. உள்ளே ஈரம் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று புத்தகத்தில் இருந்தது. நானே படித்துச் சொல்லிக்கொடுத்த பக்கம் அது.

மகள் வெந்நீரில் துணி நனைத்துத் தட்டுகளுக்குள் வைத்தாள். தண்ணீர்த் தட்டை நிரப்பி உள்ளே தள்ளினாள். ஒரு முட்டையை நகத்தால் பிரித்துவிடப் பார்த்தாள். ரத்தம் வந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவை கத்திக்கொண்டே இருந்தன. அன்று முழுதும், மறுநாளும். நானூறு முட்டை இருக்கும் பெட்டி, கதவு தடித்த கதவு. இருந்தும் சமையலறைக்கு வந்தது சத்தம். பிறந்த குஞ்சின் கீச்சு மேலே எழும்பி விழும். இது அப்படி இல்லை. ஒரே சுருதியில், தட்டித் தட்டிக் கூப்பிடுவதுபோல். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எது எப்போது நின்றது என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம், இன்னொரு நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாற்பத்தொன்று மட்டும் வெளியே வந்தன. அவற்றிலும் பாதி கால் மடங்கியவை.

இருபத்திரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன் பெட்டியைச் சுத்தம் செய்ய நான் உள்ளே கை விட்டேன். மகள் வெளியே குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கண்ணாடியின் திரியை அவிழ்த்தேன். குப்பிக்குள் கிடந்த வால் நனைந்து வழவழவென்றிருந்தது. குமிழைச் சுற்றி இருந்த பகுதி காய்ந்து, குமிழின் உருவத்திலேயே நின்றது, ஒரு சிறு தொப்பியைப் போல. விரலால் தேய்த்தேன். வெள்ளையாய்ப் பொடி உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

கஞ்சி.

எங்கள் வீட்டில் புடவை தோய்த்தால் சோறு வடித்த கஞ்சியில் முக்காமல் காயப்போட மாட்டேன். என் தாயும் அப்படித்தான். எத்தனை பழைய புடவையானாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் கசங்கி நிற்கக்கூடாது. அதைக் கஞ்சி போட்ட துணி என்று நான் நினைத்ததே இல்லை, எனக்கு அதுதான் துணி. மெலிந்திருந்தது என்று கிழித்தேனே தவிர, கொதிக்கவைத்துக் கஞ்சியை எடுக்கத் தோன்றவில்லை. முக்கிக் கட்டிய முதல் பத்து நிமிடம் ஈரம் இருந்தது, எண்பத்தாறு காட்டியது. அதற்கப்புறம் கஞ்சி நூலை அடைத்துத் தண்ணீரை மேலே ஏறவிடவில்லை. திரி முக்கால்வாசி காய்ந்தது. அப்படிக் காய்ந்த திரி குமிழைச் சரியாகக் குளிர்விக்காது, எண் மேலே போகும். பெட்டி பாலைவனமாய் வறண்டுகொண்டிருக்க, கண்ணாடி ஈரம், ஈரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வெளியே செருப்புச் சத்தம். நான் திரியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

மேனேஜர் தட்டுகளைப் பார்த்தார். ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். "கரண்ட் நின்னுதா?"

"இல்லீங்க ஐயா" என்றாள் மகள்.

"தண்ணித் தட்ட எடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"ஈரம் தொண்ணூறுக்கு மேல காட்டிச்சிங்க."

அவர் அட்டையை எடுத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். என் வரியில் விரல் நின்றது. "திரி மாத்தியிருக்கே. சரியா இருந்துதா?"

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் இருக்கும். கைக்குள் கஞ்சித் துணி என் வேர்வையில் நனைந்து வழுக்கியது. திறந்தால் போதும். விரலைப் பிரித்தால் போதும்.

"புதுத் திரிங்க. அதுல ஒண்ணும் கொறையில்ல" என்றாள் அவள்.

"அப்போ காத்துப்பையப் பார்க்கத் தெரியலேன்னு அர்த்தம். முட்டையே சொல்லுமே. அதுகூடத் தெரியாம அங்க போய் இன்னா பண்ணப் போற? நான் எழுதினா என் பேருதான் பேஜாராகும்." அவர் கொடுமையானவர் அல்ல. மெதுவாகத்தான் சொன்னார். "இந்த வருஷம் வேணாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காற்றுப்பையை அவள் பார்த்தாள், கோடு போட்டாள், என்னிடம் கேட்டாள். அதையாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போகும், வீடு போகும் என்று பயந்தேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. மேனேஜர் "வேணாம்" என்றபோது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. மூன்று நாள் ரயில். தெரியாத பாஷை. நடுவில் எத்தனை ஸ்டேஷன், எத்தனை ஆட்கள். அவள் போகப்போவதில்லை. என் பக்கத்தில் இருப்பாள். அந்த உட்கார்ந்த பொருளுக்கு நிம்மதி என்றுதான் பெயர். நானூறு முட்டை நாறிக்கொண்டிருந்த அறையில் நின்றுகொண்டு எனக்கு நிம்மதி வந்தது.

மறுநாள் பாசஞ்சரில் மகள் விழுப்புரம் போனாள். "அப்பாவுக்கு ஆக்கிப் போட ஆளில்ல" என்றாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அன்றே நான் உடைந்திருப்பேன்.

அடுத்த ஈட்டை நான் வைத்தேன். இந்தத் தடவை துணியைச் சோப்புப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன். மழைத்தண்ணீர் பிடித்துக் குப்பியில் ஊற்றினேன். கண்ணாடி எண்பத்தாறில் ஆடாமல் நின்றது. எல்லாம் சரியாக நடந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. மோட்டார் உறுமித் தட்டுகள் சாயும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து கீச்சுக் கேட்டது. ஐந்தாம் நாள் முட்டைக்குள் குரல் ஏது? ஒரு துளி ரத்தமும் சிலந்திக்கால் நரம்பும்தான் இருக்கும். தெரிந்தும் கதவைத் திறந்து காதை வைத்தேன். திறந்தால் இல்லை, மூடினால் கேட்டது. பட்டப்பகலில், பெருக்கும் அம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டது. "உனக்குக் கேக்குதா?" என்றேன். "இன்னா கேக்குது?" என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "டீச்சரம்மா, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கினு பொண்ணப் போய்ப் பாருங்க."

போகவில்லை. என் கணவருடைய கடிதம் வந்தது. வளவனூர்க்காரர்கள் தையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், பெண்ணும் சரி என்றுவிட்டாள் என்று எழுதியிருந்தார். சரி என்றுவிட்டாள். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

இருபத்தோராம் நாள் அந்த ஈடு பொரிந்தது. முந்நூறுக்கு மேல் குஞ்சு. பஞ்சுப் பந்துகளாய், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தட்டு நிரம்பி வழிந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, "பாருங்க டீச்சர், கை பழகணும்ங்கறது இதுதான்" என்றார். அதைக் கேட்டதும் நான் என் அறைக்குப் போனேன். தலையணை உறைக்குள் வைத்திருந்த திரியை எடுத்துவந்து அவர் மேஜைமேல் வைத்தேன். மறுபடி காய்ந்து, குமிழின் தொப்பியாகவே இருந்தது.

"இது இன்னா?"

சொன்னேன். புடவையைச் சொன்னேன், கஞ்சியைச் சொன்னேன், பதினான்காம் நாள் அவள் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் திரியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க கையிலதான் இருந்துதா?"

"ஆமாங்க."

"கைய மூடிக்கினு நின்னீங்க."

"ஆமாங்க."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்த பொண்ணு தலையில கட்டிட்டீங்களே டீச்சர்." வேறு எதுவும் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்த டிரெயினிங் லெட்டர் இன்னும் போகலாம், நாள் இருக்குது. காத்துப்பையப் பார்த்துச் சொன்ன பொண்ணுக்கு நான் தாராளமா எழுதுவேன். ஆனா அவ இப்போ போவாளா? கேட்டு எழுதுங்க, ஜல்தி" என்றார்.

அன்றே எழுதினேன். விழுப்புரம் போகும் ரயிலில் எங்களுக்குத் தெரிந்த கார்டு இருந்தார், அவர் கையில் கொடுத்தனுப்பினேன். கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அந்த நிம்மதியையும் எழுதினேன். கடிதம் போன பிறகு பெட்டிக்குள் சத்தம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. புது முட்டை ஏற்றினேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்குப் போய் நின்றேன்.

நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்கு முட்டை அறைக் கதவு திறந்தது. மகள். கையில் பை. அப்பாவின் குடை. வெயிலிலிருந்து வந்ததால் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். என்னிடம் வரவில்லை. நேராகப் பெட்டியிடம் போய், சின்னக் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஈரக் கண்ணாடியின் திரியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். நனைந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மோட்டார் உறுமிற்று, தட்டுகள் சாய்ந்தன. அது நின்றதும் சின்னக் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு மேனேஜர் வந்த அன்னிக்கே தெரியும்மா" என்றாள். "காலையில குப்பிக்குத் தண்ணி ஊத்தறப்பவே தொட்டுப் பார்த்துட்டேன். உன் புடவை வாசனை எனக்குத் தெரியாதா? ஒண்ணும் கொறையில்லன்னு அவருகிட்ட சொல்லிட்டு, நீ சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு உன் மூடின கையையே பார்த்துக்கினு நின்னேன்."